எக்ஸ்பாக்ஸ் ஆப்பிலிருந்து இழப்பற்ற 5.1 ஒலி: சாதாரண ஆர்க் வழியாக ஏன் வந்து சேர்வதில்லை?

முகில்

இரண்டு வாரங்களாகத் தீராத ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன். என் வீட்டில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2017இல் வாங்கிய 4கே டிவி, சென்ற ஆண்டு வாங்கிய ரிசீவர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் டிவியின் மூன்றாம் எச்டிஎம்ஐ துளையில் செருகப்பட்டிருக்கிறது. டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஆர்க் துளையிலிருந்து ஒரு கேபிள் அதற்குப் போகிறது. ரிசீவரில் ஆர்க்கின் புதிய வடிவமான ஈ-ஆர்க் இருக்கிறது. டிவியில் வெறும் ஆர்க் மட்டுமே.

நான் சொந்தமாக வைத்திருக்கும் ப்ளூரே கச்சேரித் தட்டுகளைக் கணினியில் படியெடுத்து, ஒலியை 5.1 ஃப்ளாக்காக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் சேமித்து, எக்ஸ்பாக்ஸில் கோடி ஆப்பின் மூலம் இயக்குகிறேன். எக்ஸ்பாக்ஸின் ஒலி அமைப்பில் `5.1 uncompressed` என்று வைத்தால் முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே பேசுகின்றன. `Bitstream out` என்று மாற்றி டால்பி டிஜிட்டலைத் தேர்ந்தால் ஐந்து ஸ்பீக்கர்களும் உயிர் பெறுகின்றன, ஆனால் ரிசீவரின் முகப்பில் `Dolby Digital` என்று வருகிறது. ஃப்ளாக் என்பது இழப்பற்றது. டால்பி டிஜிட்டல் அப்படியல்ல. கோப்பின் சராசரி வேகம் வினாடிக்கு மூன்றரை மெகாபிட்தான் காட்டுகிறது. இவ்வளவு சிறிய அளவைக்கூட ஆர்க் ஏன் சுமக்காது?

கதிர்

இதில் குழப்பமே இல்லை, நண்பரே. ஆர்க் என்பது பழைய ஆப்டிகல் கேபிளின் எச்டிஎம்ஐ வடிவம். அதன் கொள்ளளவு வினாடிக்கு ஒரு மெகாபிட். உங்கள் கோப்பு மூன்றரை மெகாபிட், எனவே அதற்குள் அடங்காது. டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் 640 கிலோபிட், எனவே அடங்குகிறது. ஈ-ஆர்க்கின் கொள்ளளவு 37 மெகாபிட். புதிய 48 ஜிகாபிட் கேபிள் ஒன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள், ஓரளவு முன்னேற்றம் இருக்கலாம்.

பொன்னி

மன்னிக்கவும், எங்கள் வீட்டில் ஆர்க் மட்டும்தான் இருக்கிறது, அதிலேயே டால்பியின் முப்பரிமாண ஒலியான அட்மாஸ் வரை வருகிறது. டிவியில் இருக்கும் திரைப்பட ஆப்பைத் திறந்து படம் போட்டால் சவுண்ட்பாரில் அட்மாஸ் விளக்கு எரிகிறது. எனவே ஆர்க்கால் முடியாது என்று சொல்வது சரியாகப் படவில்லை. ரிசீவரில் ஏதாவது அமைப்பு தவறாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செவிவழி

முதலில் கேபிளை ஒதுக்கிவிடுவோம், ஏனென்றால் முகில் அதற்குப் பணம் செலவழிப்பதை நான் விரும்பவில்லை. டிவியின் உள்ளே ஈ-ஆர்க் சுற்று இல்லாதபோது எந்தக் கேபிளும் அதை உண்டாக்காது. ஈ-ஆர்க்கே இருந்தாலும்கூட, ஈதர்நெட்டுடன் கூடிய ஹை ஸ்பீட் வகைக் கேபிள் அதற்குப் போதும். 48 ஜிகாபிட் என்பது படத்துக்கான கணக்கு.

இப்போது முகிலின் கேள்விக்கு வருகிறேன். அதில் மறைந்திருக்கும் ஓர் அனுமானத்தை எடுத்துவிட்டால் பாதி தெளிவாகிவிடும். கோப்பின் மூன்றரை மெகாபிட் என்ற எண் எக்ஸ்பாக்ஸை விட்டு வெளியே வருவதே இல்லை. ஃப்ளாக்கை வெளியே வைத்துப் பிரிக்கும் ரிசீவர் எச்டிஎம்ஐ வழியில் கிடையாது. அந்த வடிவத்தை அப்படியே அனுப்புவதற்கான ஏற்பாடும் அந்த வழியில் இல்லை. எனவே கோடி ஆப் தானே அதைப் பிரித்து ஆறு தடங்களாக ஆக்கிக் கன்சோலின் ஒலிக் கலவையிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கலவை நண்பர் அழைப்பு, அறிவிப்பு மணி போன்ற ஒலிகளையும் சேர்த்து, சுருக்காத டிஜிட்டல் ஒலியான பிசிஎம்மாக வெளியே அனுப்புகிறது. வெளியே வரும்போது அதன் அளவு 48,000 பெருக்கல் 24 பெருக்கல் 6, அதாவது வினாடிக்கு 6.912 மெகாபிட். விளையாட்டுகளும் இதே வழியில்தான் வருகின்றன: விளையாட்டின் ஒலி தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்ட பலதடப் பிசிஎம்தான்.

பொன்னி அவர்கள் சொல்வது அவர்கள் வீட்டைப் பொறுத்தவரை முழு உண்மை. ஆனால் டிவிக்குள் இருக்கும் ஆப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. திரைப்படத் தளத்திலிருந்து வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஓடையை டிவி பிரிக்காமலேயே உறையில் போட்ட கடிதத்தைப் போல ஆர்க்கில் தள்ளிவிடுகிறது. சவுண்ட்பார்தான் உறையைப் பிரிக்கிறது. அந்த ஓடையே இழப்புள்ள சுருக்கம், எனவே சிறியது. முகிலின் கேள்வி அட்மாஸ் விளக்கு எரியுமா என்பதல்ல. இழப்பற்ற ஆறு தடங்கள் கன்சோலிலிருந்து டிவியைக் கடந்து ரிசீவருக்குப் போகுமா என்பதே கேள்வி.

போகாது. அதற்குக் கதிர் சொன்ன ஒரு மெகாபிட் காரணம் பாதிதான் சரி. அடிப்படைக் காரணம் ஆர்க்கில் ஒலி அடுக்கப்படும் முறை. 2009இல் எச்டிஎம்ஐ 1.4இல் ஆர்க்கைச் சேர்த்தபோது, ஆப்டிகல் கேபிளில் ஓடிய அதே சட்டகத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டகத்தில் இரண்டே இருக்கைகள்: இடது, வலது. பிசிஎம் அனுப்பினால் இரண்டு தடங்கள் உட்காரலாம். மூன்றாவது தடத்துக்கு இருக்கையே கிடையாது. ஐந்து ஸ்பீக்கர்களின் ஒலியை அனுப்ப வேண்டுமானால், அதைச் சுருக்கி மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையை இரண்டு இருக்கைகளில் பரப்பி அனுப்ப வேண்டும். உங்கள் எக்ஸ்பாக்ஸ் `Bitstream out` அமைப்பில் செய்வது இதைத்தான்: கோடி பிரித்துக் கொடுத்த 6.912 மெகாபிட்டை, ஓடும்போதே டால்பி டிஜிட்டலாக மறுபடி சுருக்குகிறது. அந்த வடிவத்தின் உச்சமே 640 கிலோபிட், ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு.

ஒரு கேள்வி, முகில். `5.1 uncompressed` வைத்தபோது தனிப் பாடகரின் குரல் தெளிவாகக் கேட்டதா, தூரத்திலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்டதா?

முகில்

விளக்கத்துக்கு நன்றி. குரல் தெளிவாகவே கேட்டது. அதை ஏன் கேட்கிறீர்கள்?

செவிவழி

தனிக்குரல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரின் தடத்தில் இருக்கும். டிவி ஆறு தடங்களை வாங்கிக்கொண்டு முதல் இரண்டை மட்டும் அனுப்பி மற்றவற்றைக் கீழே போட்டிருந்தால், குரல் ஏறத்தாழக் காணாமல் போயிருக்கும்; அரங்கத்தின் எதிரொலி மட்டும் மிஞ்சியிருக்கும். உங்களுக்குக் குரல் தெளிவாக வருவதால், எங்கோ ஓரிடத்தில் ஆறு தடங்களும் முறையாக இரண்டாகக் கலக்கப்படுகின்றன. அது டிவியாகவும் இருக்கலாம், எக்ஸ்பாக்ஸாகவும் இருக்கலாம், கோடியாகவும் இருக்கலாம். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசுகிறது என்று புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், ஏனென்றால் பழுது இருக்கும் இடம் இதனால் மாறிவிடும்.

அறிவழகி

நான் ஒலிச் சுற்றுகளுக்கான நிரல் எழுதும் வேலையில் இருக்கிறேன், அதனால் மேலே சொன்ன கணக்கில் எனக்கு ஓர் ஐயம். ஆர்க் வழியாக டால்பி டிஜிட்டல் பிளஸ் போகிறது என்று பொன்னி அவர்களின் அனுபவமே காட்டுகிறது. அந்த வடிவத்தை மூட்டை கட்டும்போது சட்டகத்தின் வேகம் நான்கு மடங்காகி 192 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்பது விதி. இரண்டு இருக்கை, இருக்கைக்கு 16 பிட் என்றால், 192,000 பெருக்கல் 32, அதாவது 6.144 மெகாபிட் அந்தக் கம்பியில் ஓடுகிறது என்று பொருள். எனவே ஒரு மெகாபிட் என்ற எண் கம்பியின் எல்லையாக இருக்க முடியாது. மறுபுறம், 16 பிட் 5.1 பிசிஎம்முக்குத் தேவை 4.608 மெகாபிட் மட்டுமே. இடம் இருக்கிறது, பயணிகளும் குறைவு. அப்படியிருக்க, ஏன் முடியாது?

கதிர்

எல்லா இடத்திலும் ஒரு மெகாபிட் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் சொன்னேன்.

செவிவழி

அறிவழகி சொல்வது சரி. ஒரு மெகாபிட் என்பது ஆர்க்கில் வழக்கமாகப் பயணிக்கும் சுருக்கிய ஒலியின் அளவைக் கம்பியின் அளவாக எண்ணிக்கொண்டதால் பரவிய எண் என்றே நான் கருதுகிறேன். கதிர் மேல் குற்றமில்லை.

விடை இதுதான்: 192 கிலோஹெர்ட்ஸில் ஓடும் சட்டகத்திலும் இருக்கைகள் இரண்டே. ரிசீவரின் கண்ணுக்கு அது வேகமாக ஓடும் இருதட ஒலி. அடுத்தடுத்து வரும் மூன்று சட்டகங்களைச் சேர்த்து எடுத்து, முதலாவதில் முன்பக்க இணை, இரண்டாவதில் நடுவும் தாழொலியும், மூன்றாவதில் பின்பக்க இணை என்று வாசித்துக்கொள் என்று அதற்குச் சொல்லும் உடன்படிக்கை சாதாரண ஆர்க்கில் எழுதப்படவில்லை. உங்கள் டிவியும் என் ரிசீவரும் தனியாக அப்படி ஒப்புக்கொண்டால் கணக்கின்படி அது நடக்கக்கூடியதுதான். ஆனால் வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் இரண்டு பெட்டிகள் அப்படிப் பேசிக்கொள்ள வேண்டுமானால் பொதுவான எழுத்து வேண்டும். அந்த எழுத்தை 2017 நவம்பரில் வெளியான எச்டிஎம்ஐ 2.1இன் ஈ-ஆர்க் பகுதி தந்தது. எட்டுத் தடங்களை எப்படி அடுக்குவது, எந்தத் தடம் எந்த ஸ்பீக்கர் என்பதை எப்படி அறிவிப்பது என்று அதில்தான் வகுத்தார்கள். எட்டுத் தடம், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெருக்கிப் பாருங்கள், 36.864 மெகாபிட் வரும். கதிர் சொன்ன 37 மெகாபிட் இதுதான்.

அந்த வேகத்துக்குக் கம்பியையும் வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. எச்டிஎம்ஐ செருகியின் பதினான்காம் ஊசி ஒன்றைக் கொண்டே ஆர்க் ஓடிவிடலாம். ஈ-ஆர்க் பதினான்கையும் பத்தொன்பதையும் முறுக்கிய இணையாக எடுத்துக்கொண்டு, இரண்டிலும் எதிரெதிராகச் சமிக்ஞையை ஓட்டுகிறது. ஈதர்நெட்டுடன் கூடிய கேபிள் என்று முன்பு சொன்னதன் காரணமும் இதுவே, அந்தக் கேபிளில்தான் இந்த இணை சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, ஆர்க்கில் கைகுலுக்கலை, பெட்டிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் மெதுவான சிஇசி பார்த்துக்கொள்ளும். ஈ-ஆர்க்கில் அதே இணையின் மேல் தனியாக ஒரு பேச்சு வழி உண்டு. ரிசீவர் தன்னால் என்னென்ன முடியும் என்ற முழுப் பட்டியலை அதன் வழியாக டிவிக்குக் கொடுக்கும். கன்சோலைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல்தான் திறவுகோல்.

அறிவழகி

அதாவது பட்டியல் டிவியோடு நின்றுவிடாமல் கன்சோல் வரை போக வேண்டும், அப்படித்தானே? கன்சோல் பார்ப்பது டிவி தன் திறன்களை அறிவிக்கும் ஈடிஐடியைத்தான். ரிசீவரை அது நேரடியாகப் பார்ப்பதே இல்லை.

செவிவழி

அதேதான். எக்ஸ்பாக்ஸுக்கு ரிசீவர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிவி தன் ஈடிஐடியில் பிசிஎம் இரண்டு தடம், டால்பி டிஜிட்டல் ஆறு தடம் என்று எழுதினால், கன்சோல் அதை நம்பும். ஈ-ஆர்க் உயிரோடு இருக்கும்போது நல்ல டிவி ரிசீவரின் பட்டியலைப் பார்த்துத் தன் ஈடிஐடியைத் திருத்தி, பிசிஎம் எட்டுத் தடம் என்று எழுதும். எல்லா டிவியும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. பெட்டியின் மேல் ஈ-ஆர்க் என்று அச்சடித்திருந்தாலும், வெளித் துளையிலிருந்து வரும் பலதடப் பிசிஎம்மை இருதடமாக்கிவிடும் டிவிகளை நான் கண்டிருக்கிறேன்.

கதிர்

சரி, ஒரு மெகாபிட்டை விட்டுவிடுகிறேன். ஆனால் பிசிஎம்தான் சிக்கல் என்றால், பிரிக்காமலேயே அனுப்பலாமே? முகிலின் மூலத் தட்டில் டால்பியின் இழப்பற்ற வடிவமான ட்ரூஎச்டி இருந்திருக்கும். எக்ஸ்பாக்ஸின் ப்ளூரே ஆப்பில், ரிசீவரே பிரித்துக்கொள்ளட்டும் என்று விடும் தெரிவு இருக்கிறது. தட்டையே போட்டு அந்தத் தெரிவை வைத்தால் ட்ரூஎச்டி மூட்டையாகப் போகும். கச்சேரித் தட்டில் ட்ரூஎச்டியின் சராசரி நான்கு மெகாபிட் அளவில்தான் இருக்கும். அறிவழகி சொன்ன 6.144 மெகாபிட்டுக்குள் இது அடங்கிவிடுகிறது!

செவிவழி

நல்ல முயற்சி, ஆனால் சராசரி இங்கே உதவாது. இழப்பற்ற ஒலியின் அளவு நொடிக்கு நொடி மாறும். அமைதியான இடத்தில் மிகக் குறைவாகவும், முழு இசைக்குழுவும் எழும் இடத்தில் பல மடங்காகவும் இருக்கும். ட்ரூஎச்டிக்கு வகுத்த உச்சம் 18 மெகாபிட். மூட்டை கட்டும் விதி அந்த உச்சத்தையும் தாங்கும்படி நிலையான ஒரு பெட்டியை வைத்திருக்கிறது. அதன் சட்டகம் 768 கிலோஹெர்ட்ஸில் ஓடும். முப்பத்திரண்டால் பெருக்கினால் 24.576 மெகாபிட். உள்ளே இருப்பது நான்கு மெகாபிட்டாக இருந்தாலும் பெட்டி அதே பருமன்தான், மீதி இடம் வெறுமையாகப் பயணிக்கும். ஆர்க்கின் வாசலில் அந்தப் பெட்டி நுழையாது. டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோவின் நிலையும் ஏறத்தாழ இதுதான். ஆனால் அதன் உள்ளேயே பழைய டிடிஎஸ் ஒரு கருவாக இருப்பதால், ஆர்க்கில் அந்தக் கரு மட்டும் போய்ச் சேர வாய்ப்புண்டு, அதையும் டிவி அனுமதித்தால்.

பொன்னி

நான் முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று இப்போது தெரிகிறது. இருந்தாலும் ஒரு செய்தி. இதைப் படித்த பிறகு என் தம்பியின் எக்ஸ்பாக்ஸை எங்கள் டிவியில் இணைத்து, அட்மாஸ் என்று வைத்துப் பார்த்தோம். முகப்புப் பக்கத்தில் சும்மா நிற்கும்போதே சவுண்ட்பாரில் அட்மாஸ் விளக்கு எரிகிறது! எங்களுடையது சாதாரண ஆர்க். அப்படியானால் கன்சோலின் ஒலியும் வருகிறது என்றுதானே பொருள்?

செவிவழி

வருகிறது, ஆனால் இழப்பற்றதாக அல்ல. எக்ஸ்பாக்ஸ் அட்மாஸில் இருக்கும்போது, எந்த ஆப் ஓடினாலும் எல்லா ஒலியையும் தானே அட்மாஸாகக் கட்டி அனுப்பும். முகப்புப் பக்கத்திலும் விளக்கு எரிவது அதனால்தான். இழப்பற்ற முறையில் அது பயன்படுத்தும் பெட்டி மேலே சொன்ன 24.576 மெகாபிட் பெட்டியே, மேட் என்று பெயர். சாதாரண ஆர்க்கில் விளக்கு எரிந்தால், வழியில் எங்கோ அது டால்பி டிஜிட்டல் பிளஸாக மாறியிருக்கிறது. சவுண்ட்பாரின் விளக்கு இரண்டுக்கும் ஒன்றுபோல்தான் எரியும்.

அறிவழகி

மாற்றுவது டிவி என்று நான் நினைக்கிறேன். உள்ளே வரும் மேட்டைப் பிரித்து மீண்டும் கட்டும் வசதி சில டிவி சில்லுகளில் இருக்கிறது.

செவிவழி

டிவியின் ஈடிஐடியைப் பார்த்து எக்ஸ்பாக்ஸே கட்டுகிறது என்று நான் சாய்கிறேன். பொன்னி அவர்களின் டிவியின் ஈடிஐடியைக் கணினியில் படித்துப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. விளைவு இரண்டிலும் ஒன்றுதான்.

வடக்குவீதி

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஈ-ஆர்க் வாங்கினாலே தீர்ந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஈ-ஆர்க் உள்ள டிவி, ஈ-ஆர்க் உள்ள ரிசீவர், இடையில் சரியான கேபிள், எல்லாம் இருந்தும் கோடியில் எனக்கு ஒரு மாதம் இரண்டு ஸ்பீக்கர்தான் வந்தது. மூன்று இடங்களில் பூட்டு இருந்தது. டிவியின் அமைப்பில் ஈ-ஆர்க் என்ற தெரிவு அணைக்கப்பட்டிருந்தது, எனவே அது அமைதியாகச் சாதாரண ஆர்க்குக்கு இறங்கியிருந்தது. அதைத் திறந்த பிறகு, டிஜிட்டல் ஒலி வெளியீடு பிசிஎம் என்று இருந்தது. பிசிஎம்தானே வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் டிவியின் அகராதியில் பிசிஎம் என்றால் இருதடமாகக் கலந்து அனுப்புவது என்று பொருளாம். வந்ததை வந்தபடி கடத்தும் தெரிவைத்தான் வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது பூட்டு கோடிக்குள்ளேயே. System பகுதியின் Audio பக்கத்தில் `Number of channels` என்பது தொடக்கத்தில் `2.0` என்றே இருக்கும். அதை `5.1` ஆக்காதவரை கோடி ஆறு தடங்களையும் தானே இரண்டாகக் கலந்துதான் கொடுக்கும், அதற்குப் பிறகு எந்த வழியும் எதையும் மீட்க முடியாது.

முகில், உங்களுக்குக் குரல் தெளிவாகக் கேட்டது என்றீர்கள். அந்த எண்ணைப் பாருங்கள்.

முகில்

பார்த்தேன். `2.0` என்றுதான் இருந்தது. ஆனால் `Bitstream out` அமைப்பில் ஐந்து ஸ்பீக்கரும் பேசின என்று எழுதியிருந்தேனே, அது எப்படி?

வடக்குவீதி

உங்கள் ரிசீவரில் இருதட ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் விரித்துக் கொடுக்கும் முறை போடப்பட்டிருக்கிறதா? எனக்கு இருந்தது. அப்போது முகப்பில் `Dolby Digital` என்பதோடு இன்னொரு சொல்லும் சேர்ந்து வரும்.

முகில்

ஆம், `Dolby Surround` என்று சேர்ந்து வருகிறது! இரண்டு வாரமாக நான் கேட்டது 5.1 கச்சேரியே அல்ல என்பது இப்போதுதான் தெரிகிறது. எண்ணை `5.1` என்று மாற்றினேன். `Bitstream out` அமைப்பில் இப்போது பின்பக்கத்தில் அரங்கத்தின் ஒலி முற்றிலும் வேறாக இருக்கிறது, கைதட்டல் பின்னாலிருந்து வருகிறது. பின்பு `5.1 uncompressed` வைத்துப் பார்த்தேன். செவிவழி ஐயா சொன்ன அந்த மங்கிய குரலை இப்போது கேட்கிறேன். பாடகர் ஏறத்தாழ இல்லை.

செவிவழி

அப்படியானால் உங்கள் டிவி ஆறில் இரண்டை மட்டும் எடுத்து மற்றதைக் கீழே போடுகிறது. முன்பு கோடியே கலந்துகொடுத்ததால் அது மறைந்திருந்தது. வடக்குவீதி, நீங்கள் பிடித்ததை நான் தவறவிட்டேன். `Bitstream out` என்றதும் ஐந்து ஸ்பீக்கரும் உண்மையானவை என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ரிசீவரின் தகவல் பொத்தானை அழுத்தினால் உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்பது. எத்தனை ஸ்பீக்கர் பேசுகிறது என்பது சான்று ஆகாது. உள்ளே வரும் வரியில் `Multi Ch In` என்றோ, பிசிஎம் 5.1 என்றோ இருந்தால்தான் இழப்பற்ற ஆறு தடம் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். எழுத்து ரிசீவருக்கு ரிசீவர் சற்று மாறும்.

கதிர்

நேர்மையாக ஒன்று கேட்கிறேன். இப்போது முகிலுக்கு உண்மையான 5.1 டால்பி டிஜிட்டலில் வருகிறது. 640 கிலோபிட்டுக்கும் இழப்பற்றதற்கும் வேறுபாட்டைக் காதால் கண்டுபிடிக்க முடியுமா? என்னால் முடியவில்லை. நல்ல ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறேன்.

அறிவழகி

அது ஒலியைப் பொறுத்தது. அடர்ந்த கைதட்டல், சலங்கை, அரங்கின் நீண்ட எதிரொலி ஆகியவற்றில் எனக்குச் சற்றுத் தெரிகிறது. உரையாடல் படங்களில் தெரிவதில்லை. இதில் நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் காதைத் தவிர நேரமும் இருக்கிறது. டால்பி டிஜிட்டல் 1,536 மாதிரிகளை ஒரு கட்டாகச் சேர்த்துத்தான் சுருக்க முடியும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 32 மில்லிநொடி. கட்டு நிறையும் வரை காத்திருப்பது, பிறகு ரிசீவர் பிரிப்பது என்று தாமதம் கூடிக்கொண்டே போகும். கச்சேரியில் படத்தைத் தள்ளிவைத்துச் சரிசெய்துவிடலாம். விளையாட்டில் பொத்தானை அழுத்தும் விரலைத் தள்ளிவைக்க முடியாது. பிசிஎம்மில் அந்தக் கட்டும் வேலையே இல்லை.

கதிர்

தாமதத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒலி வேறுபாட்டில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

செவிவழி

முகில், உங்களுக்கு நான் டிவியை மாற்றச் சொல்லப் போவதில்லை. திரும்பி வரும் வழி குறுகலாக இருக்கிறது என்பதுதான் உங்கள் சிக்கல். அந்த வழியாக ஏன் வர வேண்டும்? எக்ஸ்பாக்ஸை ரிசீவரின் உள்ளீட்டுத் துளையில் நேராகச் செருகி, ரிசீவரிலிருந்து டிவிக்குப் படத்தை அனுப்புங்கள். முன்னோக்கிப் போகும் எச்டிஎம்ஐ எட்டுத் தடப் பிசிஎம்மைத் தொடக்க காலத்திலிருந்தே சுமக்கிறது. ட்ரூஎச்டியும் மேட்டும்கூட அதில் போகும். மற்றவர்கள் இப்படிச் செய்யாமல் ஈ-ஆர்க்கைத் தேடுவதற்குக் காரணம் படம். 4கேயில் வினாடிக்கு 120 சட்டகம் வேண்டுமானால் கன்சோல் நேராக டிவியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரிசீவரும் எச்டிஎம்ஐ 2.1 வேகத்தில் கடத்த வேண்டும். பழைய ரிசீவர்களால் அது முடியாது. பல சவுண்ட்பார்களில் உள்ளீட்டுத் துளையே கிடையாது. 2020 நவம்பரில் வந்த இரண்டு பெரிய கன்சோல்களிலும் ஆப்டிகல் துளை இல்லை, எச்டிஎம்ஐ ஒன்றே ஒன்றுதான். அவர்களுக்கு ஒலி டிவி வழியாகத் திரும்பி வருவதைத் தவிர வேறு எளிய வழி இல்லை, அதனால்தான் ஈ-ஆர்க் தேவையாகிறது. உங்கள் 2017 டிவி 60 சட்டகத்துக்கு மேல் காட்டப் போவதில்லை என்றால் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள்.

முகில்

இன்று மாலை மாற்றினேன். முதலில் எச்டிஆர் வரவில்லை. ரிசீவரில் அந்த உள்ளீட்டுத் துளைக்கு விரிந்த 4கே சமிக்ஞை என்ற தெரிவு ஒன்று இருந்தது, அதைத் திறந்ததும் வந்துவிட்டது. `5.1 uncompressed`, கோடியில் `5.1`. ரிசீவரில் `Multi Ch In` என்று இருக்கிறது. பாடகர் நடுவில், தன் இடத்தில் இருக்கிறார்.

டிவியின் சொந்த ஆப்களுக்காக ஆர்க் கேபிளை அப்படியே விட்டிருக்கிறேன். ரிசீவரிலிருந்து படம் போகும் அதே கேபிள்தான் அது. ஒரு சிறு தொந்தரவு மட்டும்: டிவி ஆப்பிலிருந்து எக்ஸ்பாக்ஸுக்கு மாறும்போது ரிசீவர் சில நேரங்களில் டிவி உள்ளீட்டிலேயே நின்றுவிடுகிறது, கையால் மாற்ற வேண்டியிருக்கிறது.

வடக்குவீதி

எனக்கும் அது இருக்கிறது, ஈ-ஆர்க்கிலும். சிஇசியை அணைத்தால் நின்றுவிடும், ஆனால் சாதாரண ஆர்க்கில் அதை அணைத்தால் ஆர்க்கும் போய்விடக்கூடும். வேறு வழி கண்டவர்கள் எழுதுங்கள்.

பொன்னி

என் டிவியின் ஈடிஐடியைத் தம்பியின் மடிக்கணினியில் படிக்க முடியும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டு இங்கே இடுகிறேன்.